யாழ்ப்பாண வரலாறு 1215 – 1931: தரம் 11 மீட்டல் அட்டவணை

பிள்ளைகள், இரண்டாம் தவணைக்கு முன்னால் இந்த அட்டவணையைக் கொப்பியில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆண்டுகளை எல்லோரும் பாடமாக்கிவிடுகிறீர்கள். காரணத்தில்தான் புள்ளி போகிறது. அதனால் வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு வரியின் கடைசிக் கட்டத்தில் இருப்பதுதான் பல இடங்களில் அடுத்த வரியின் காரணமாக வரும். அந்தத் தொடுப்பைப் பிடித்துவிட்டால் ஆண்டு தானாக மனதில் நிற்கும்.

பகுதி 1: இராச்சியம்

| காலம் | நிகழ்வு | காரணம் | முக்கியத்துவம் |
|---|---|---|---|
| 1215 | கலிங்க மாகன் பொலன்னறுவையைக் கைப்பற்றினான் | பொலன்னறுவையில் அரசுரிமைப் போட்டி. நிலையான ஆட்சி இல்லை | சிங்கள அரசு தென்மேற்கு நோக்கி நகர்ந்தது. வடக்கில் தனி அரசு எழ இடம் கிடைத்தது |
| 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி | ஆரியச் சக்கரவர்த்திகளின் ஆட்சி தொடங்கியது | பாண்டியரின் செல்வாக்கு, தெற்கில் பலமான அரசு இல்லாமை | யாழ்ப்பாண இராச்சியம் உருவானது, நல்லூர் தலைநகரானது. நந்தியும் ‘சேது’ என்ற சொல்லும் பொறித்த நாணயங்கள் இவர்களுடையவை |
| 1344 | இபின் பதூதா ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார் | சிவனொளிபாத மலைக்குப் போகும் வழியில் புத்தளம் கரையில் இறங்கினார் | அரசனிடம் கப்பல்களும் முத்தும் இருந்ததற்கு வெளிநாட்டவர் ஒருவரின் சாட்சி |
| 1450 அளவில் | கோட்டை அரசின் சார்பில் செண்பகப் பெருமாள் (சபுமல் குமாரயா) யாழ்ப்பாணத்தை வென்றார் | ஆறாம் பராக்கிரமபாகு முழு இலங்கையையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவர முயன்றார் | அரசன் கனகசூரிய சிங்கையாரியன் இந்தியாவுக்குத் தப்பினான் |
| 1467 | செண்பகப் பெருமாள் கோட்டைக்குத் திரும்பினார். கனகசூரியன் மீண்டும் அரசனானான் | பராக்கிரமபாகுவின் மறைவுக்குப் பின் கோட்டையில் அரியணைப் போட்டி | செண்பகப் பெருமாள் ஆறாம் புவனேகபாகுவானார். யாழ்ப்பாணம் திரும்பவும் தனி அரசானது |

நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கட்டியம் சொல்லும்போது காது கொடுத்துக் கேளுங்கள். அதில் இன்றும் புவனேகபாகு என்ற பெயர் வரும். கோட்டை அரசிலிருந்து வந்து ஊரை வென்றவரின் பெயரை நம்முடைய கோயில் இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

பகுதி 2: போர்த்துக்கேயர்

| காலம் | நிகழ்வு | காரணம் | முக்கியத்துவம் |
|---|---|---|---|
| 1505 | போர்த்துக்கேயர் இலங்கை வந்தனர் | கடலில் வீசிய காற்று அல்மேதாவின் கப்பல்களை இக்கரைக்கு ஒதுக்கியது. பின்னர் கறுவா அவர்களை நிறுத்தியது | கோட்டையோடு வணிக உறவு. மெல்ல அரசியலில் தலையீடு |
| 1544 | மன்னாரில் மதம் மாறியவர்களை முதலாம் சங்கிலி கொல்வித்தான் | மதம் மாறியவர்கள் போர்த்துக்கல் மன்னனின் குடிகளாகிவிடுவார்கள் என்ற அச்சம் | போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தின்மேல் படையெடுக்க ஒரு முகாந்திரம் |
| 1560 | கோவா அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தினோ த பிரகன்சாவின் படையெடுப்பு | 1544 இன் பகை. முத்துக்குளிப்புக் கடலைக் கையில் வைத்திருக்கும் ஆசை | நல்லூர் வீழ்ந்தும் அங்கே நிலைக்க முடியவில்லை. மன்னார் போர்த்துக்கேயர் வசமாகிக் கோட்டை எழுந்தது |
| 1591 | அந்திரே பூர்த்தாதோ த மென்டோன்சா படையெடுத்தான். புவிராச பண்டாரம் கொல்லப்பட்டான் | புவிராச பண்டாரம் மன்னார்க் கோட்டையைத் தாக்கியது | எதிர்மன்னசிங்கன் போர்த்துக்கேயருக்குக் கட்டுப்பட்ட அரசனாக அமர்த்தப்பட்டான் |
| 1619 | பிலிப் த ஒலிவேரா யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். பிடிபட்ட இரண்டாம் சங்கிலி பின்னர் கோவாவில் கொல்லப்பட்டான் | எதிர்மன்னசிங்கன் 1617 இல் இறந்தபின் சங்கிலி ஆட்சியைப் பறித்தான். தஞ்சை நாயக்கரின் உதவியை நாடினான் | யாழ்ப்பாண இராச்சியம் முடிந்தது |
| 1621 | நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது | மதக் கொள்கை. இராச்சியத்தின் அடையாளத்தை அழிக்கும் நோக்கம் | ஆட்சி மையம் நல்லூரை விட்டுக் கடற்கரைக்கு வந்தது. இன்றைய நகரம் அங்கிருந்து வளர்ந்தது |

இரண்டு சங்கிலியரையும் தயவுசெய்து கலக்க வேண்டாம். மன்னாரும் 1560 உம் முதலாமவன். கோவாவும் 1619 உம் இரண்டாமவன். ஒவ்வொரு தவணையும் நான் சிவப்பு மையால் வட்டம் போடுவது இங்கேதான்.

1591 ஐயும் விட்டுவிடாதீர்கள். இராச்சியம் 1619 இல் ஒரே நாளில் விழவில்லை. அரசனை யார் அமர்த்துவது என்ற உரிமை 28 ஆண்டுகளுக்கு முன்பே கைமாறிவிட்டது. ‘வீழ்ச்சிக்கான காரணங்கள்’ என்று கேட்டால் அங்கிருந்து தொடங்குங்கள்.

பகுதி 3: ஒல்லாந்தரும் பிரித்தானியரும்

| காலம் | நிகழ்வு | காரணம் | முக்கியத்துவம் |
|---|---|---|---|
| 1658 ஜூன் | வான் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தனர் | 1638 இல் இரண்டாம் இராஜசிங்கனோடு செய்த உடன்படிக்கை. 1656 இல் கொழும்பு வீழ்ந்தபின் எஞ்சியது வடக்கு | இலங்கையில் போர்த்துக்கேயரின் கடைசிக் கோட்டை. மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகை |
| 1707 | தேசவழமை தொகுக்கப்பட்டது | வழக்குகளில் ஊர் வழக்கம் எழுத்தில் இல்லாத சிக்கல் | திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்ததை 12 முதலிமார் பார்த்து ஏற்றனர். 1806 இல் பிரித்தானியரும் ஏற்றனர் |
| 1795 செப்டெம்பர் | பிரித்தானியரிடம் யாழ்ப்பாணம் சரணடைந்தது | பிரெஞ்சுப் படை ஒல்லாந்தைப் பிடித்தது. இங்கிலாந்துக்கு ஓடிய ஒல்லாந்துத் தலைவர் எழுதிய கியூ கடிதங்கள் | சண்டையில்லாத ஆட்சி மாற்றம் |
| 1816 – 1823 | அமெரிக்க மிஷனரிமார் வருகை. வட்டுக்கோட்டை செமினரி | தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் ஒல்லாந்தர் விட்டுப்போன தேவாலயங்களைப் பயன்படுத்த அரசு இசைந்தது | ஆங்கிலக் கல்வி, அச்சு. 1841 இல் உதயதாரகை |
| 1848 | ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார் | படிப்புக்காக மதம் மாறும் நிலை | சைவக் கல்வி மறுமலர்ச்சி. 1888 இல் சைவ பரிபாலன சபை |
| 1905 | கொழும்பு – யாழ்ப்பாணம் புகையிரதம் | நிருவாகமும் வணிகமும் | அரச உத்தியோகத்துக்குத் தெற்கே போவது எளிதானது |
| 1931 | அரசாங்க சபைத் தேர்தல் பகிஷ்கரிப்பு | டொனமூர் யாப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று இளைஞர் காங்கிரஸ் எதிர்த்தது | வடக்கின் 4 ஆசனங்கள் 1934 வரை வெறுமை |

தேசவழமை இன்றும் உயிரோடு இருக்கும் சட்டம். வீட்டில் காணி உறுதி இருந்தால் அம்மாவிடம் கேட்டு ஒருமுறை பாருங்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் ஆகிய மூன்று சொற்களின் பொருளும் தெரிந்தால் 1707 ஆம் ஆண்டு மறக்காது. முதுசம் பரம்பரையாக வந்தது, சீதனம் பெண்ணுக்குக் கொடுத்தது, தேடியதேட்டம் கணவன் மனைவி வாழும்போது சேர்த்தது.

கோட்டைப் பக்கம் போகிறவர்கள் இதையும் பாருங்கள்: போர்த்துக்கேயர் கட்டியது நாற்கோணம், ஒல்லாந்தர் திருத்திக் கட்டியது ஐங்கோணம். சுவரில் கைவைத்தால் முருகைக்கல்லின் சின்னச் சின்னத் துளைகள் விரலில் படும். வரைபட வினாவில் ஐந்து மூலை போட மறக்காதீர்கள்.

புதன்கிழமைக்கு: 1544, 1560, 1591, 1619 ஆகிய நான்கு வரிகளின் காரணக் கட்டத்தையும் முக்கியத்துவக் கட்டத்தையும் மறைத்துவிட்டு உங்கள் சொற்களில் எழுதி வாருங்கள். அப்புறம், 1931 பகிஷ்கரிப்பு வடக்குக்கு நன்மையா தீமையா என்று அரைப்பக்கம். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. எந்தப் பக்கம் எழுதினாலும் சரி, காரணம் காட்டி எழுத வேண்டும்.