2031-இல் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றம் எத்தனை ஆண்டு நீடிக்கும்? 129-ஆவது திருத்த மசோதா ஒரு விளக்கம்

'ஒரே நாடு ஒரே தேர்தல்' எனப் பரவலாக அறியப்படும் அரசியலமைப்பு (129-ஆவது திருத்த) மசோதா, 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகமாயிற்று. அறிமுகத்துக்கு ஆதரவாக 269 பேரும் எதிராக 198 பேரும் வாக்களித்தனர். இதையடுத்து, பி.பி.சௌத்ரி தலைமையில் 39 உறுப்பினர்கள் கொண்ட நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் ஆய்வுக்கு மசோதா அனுப்பப்பட்டது. இது இன்னும் சட்டமாகவில்லை.

புதிதாகச் சேர்க்கப்படவிருக்கும் 82ஏ பிரிவுதான் இதன் உயிர்நாடி. பொதுத்தேர்தலுக்குப் பின் மக்களவை முதன்முதலாகக் கூடும் நாளில் குடியரசுத் தலைவர் ஓர் அறிவிக்கை வெளியிடலாம். அந்த நாளே 'குறித்த நாள்' ஆகும். அதற்குப் பிறகு நடைபெறும் பொதுத்தேர்தலில் அமையும் ஒவ்வொரு சட்டமன்றமும், தன் ஐந்தாண்டு நிறைவுறாவிட்டாலும், அந்த மக்களவையின் முழுப் பதவிக்காலம் முடியும்போது தானும் முடிவுக்கு வந்துவிடும்.

தமிழ்நாட்டை வைத்துக் கணக்கிட்டால் இது தெளிவாகும். இப்போதைய மக்களவையின் முதல் கூட்டம் 2024-லேயே நடந்துவிட்டதால், அறிவிக்கைக்கான அடுத்த வாய்ப்பு வழக்கமான காலவரிசைப்படி 2029-இல்தான் வரும். எனவே 2026-இல் அமையும் சட்டமன்றத்தின் ஐந்தாண்டு இம்மசோதாவால் குறையாது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். குறைவது 2031-இல் அமையும் சட்டமன்றத்தின் காலம். 2034-இல் மக்களவையோடு அதுவும் முடியும். ஐந்தாண்டுக்கென வாக்குறுதி அளித்து வெல்லும் கட்சிக்கு ஏறத்தாழ மூன்றாண்டு ஆட்சியே கிடைக்கும்.

ஆட்சி இடையில் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 83, 172 ஆகிய பிரிவுகளில் செய்யப்படும் திருத்தம் விடை சொல்கிறது. இன்று, கலைக்கப்பட்ட அவைக்குப் பதிலாக வரும் புதிய அவைக்கு முழு ஐந்தாண்டு உண்டு. திருத்தத்துக்குப் பின் மீதமுள்ள காலம் மட்டுமே உண்டு. நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அவை கலைந்தால், இரண்டாண்டுக்கும் குறைவான காலத்துக்காக மக்கள் மீண்டும் வாக்குச்சாவடிக்குச் செல்ல வேண்டும். ஆகவே இடைக்காலத் தேர்தல்கள் ஒழிந்துவிடும் என்று சொல்வது சரியாகாது; அவற்றில் பிறக்கும் அவைகளின் ஆயுள்தான் சுருங்குகிறது. மக்களவை முன்கூட்டியே கலைந்தாலும் சட்டமன்றங்கள் அதனுடன் கலைய வேண்டியதில்லை என்பதும் கவனத்துக்குரியது.

ஏதேனும் ஒரு மாநிலத்தில் மக்களவைத் தேர்தலுடன் வாக்குப்பதிவு நடத்த இயலாது எனத் தேர்தல் ஆணையம் கருதினால், அதைத் தள்ளிவைக்கக் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக்கலாம். தாமதமாக அமைந்தாலும், அந்தச் சட்டமன்றத்தின் முடிவு நாள் மாறாது. ஊராட்சி, நகராட்சித் தேர்தல்களை இம்மசோதா தொடவில்லை. புதுச்சேரி, டெல்லி, ஜம்மு காஷ்மீர் ஆகியவற்றுக்குத் தனி மசோதா உள்ளது.

மசோதா நிறைவேற, ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். 2029-இல் அறிவிக்கை வராமல் 2034-இல் வந்தால், 2031-இன் சட்டமன்றம் முழுமையாக நீடிக்கும். 2036-இல் அமைவதே 2039-இல் முடியும்.