‘எழுகென எழுந்தாய்’: கண்ணகியின் சொல்லும் செயலும்

சிலப்பதிகாரத்துக் கண்ணகியைப் பற்றி எங்கள் வகுப்பில் முதலில் பேசியபோது, புகாரில் வாய்பேசாது பொறுத்திருந்தவள் ஒருத்தி, மதுரையில் எரியாய் எழுந்தவள் வேறொருத்தி என்று அவளை இரண்டாகப் பிரித்தோம். நானும் அவ்வாறே பிரித்துப் பேசினேன். அவள் பேசும் இடங்களை மட்டும் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு மீண்டும் படித்தபிறகு அந்தப் பிரிப்பு நிற்கவில்லை. அவள் குறைவாகப் பேசுகிறாள் என்பது உண்மை. ஆனால் பேசும் ஒவ்வொரு முறையும், எது தனக்குத் தகும், எது தகாது என்று தானே தீர்மானித்துச் சொல்கிறாள். மதுரை அவளை மாற்றவில்லை. அதுவரை தன்னைப் பற்றி மட்டுமே வழங்கிவந்த தீர்ப்பை, ஓர் அரசனைப் பற்றி வழங்க வேண்டிய இடத்தில் அவளை நிறுத்தியது. இக்கட்டுரையின் கருத்து இதுவே.

காப்பியத்தில் அவள் வாய்திறக்கும் முதல் இடமே இதற்குச் சான்று. மனையறம் படுத்த காதையில் ‘மாசறு பொன்னே வலம்புரி முத்தே’ என்று தொடங்கிக் கோவலன் அவளை நெடுக வருணிக்கிறான். அதை ‘உலவாக் கட்டுரை’ என்கிறார் இளங்கோவடிகள். அவளிடமிருந்து மறுமொழி இல்லை. கனாத்திறம் உரைத்த காதையில்தான் அவள் குரலை முதன்முதலாகக் கேட்கிறோம். தேவந்தியிடம் தான் கண்ட கனவைச் சொல்லும்போது, கோவலனுக்குத் தீங்கு நேர்ந்ததெனக் கேட்டுக் ‘காவலன் முன்னர் யான் கட்டுரைத்தேன்’ என்கிறாள். கோவலனின் காதல் மொழிக்குக் கவி பயன்படுத்திய ‘கட்டுரை’ என்ற சொல்லே அவளது வழக்காடலுக்கும் வருகிறது. கனவு பின்வருவதை முன்னறிவிக்கும் உத்தி என்று சொல்லிக் கடந்து செல்வது எளிது. ஆயினும் கனவில் அவள் தன்னை எந்த நிலையில் காண்கிறாள் என்பது பாத்திரம் பற்றிய செய்தி. கணவனுக்குத் தீங்கு என்றதும், அழுபவளாக அன்றி அரசன் முன் நின்று பேசுபவளாகத் தன்னைக் காணும் பெண்ணின் உள்ளத்தில் அந்த ஆற்றல் முன்பே இருந்திருக்க வேண்டும். அடுத்து வரும் ‘உரையாடேன்’ என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. காவலனுக்கும் ஊருக்கும் நேர்ந்த தீங்கும் ஒன்று உண்டு, அதைச் சொல்லமாட்டேன் என்கிறாள். அவளுக்குச் சொல்லத் தெரியாமலில்லை. சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்கிறாள்.

அதே உரையாடலில் தேவந்தி அவளுக்கு ஒரு வழி காட்டுகிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழுத பெண்கள் கணவரோடு இன்புற்று வாழ்வர், நாமும் ஒருநாள் ஆடுவோம் என்கிறாள். விடை ஒரே தொடர்: ‘பீடு அன்று’. இயலாது என்றோ, நம்பிக்கையில்லை என்றோ அவள் சொல்லவில்லை. அது பெருமையன்று என்கிறாள். கணவனைப் பிரிந்து வருந்தும் பெண், அவனைத் திரும்பப் பெறும் வழி என்று தோழி சொன்னதைத் தன் மதிப்புக்குக் குறைவு என்று தள்ளுகிறாள். கவி இதனுடன் சேர்க்கும் செயல் மிகச் சிறியது. ‘பீடு அன்று என இருந்த பின்னரே’ என்பது அடி. அவள் சொல்லிவிட்டு இருந்தாள், எழவில்லை. எழாமல் இருப்பதும் செயல்தான் என்பதை இந்த ‘இருந்த’ என்ற சொல் காட்டுகிறது. இதை நினைவில் கொண்டால்தான் பின்னால் அவள் எழும்போது அதன் பொருள் விளங்கும்.

கோவலன் திரும்பி வந்து, குன்றம் போன்ற செல்வத்தைத் தொலைத்த வறுமை ‘நாணுத் தரும் எனக்கு’ என்று சொல்லும்போது அவள் செய்வது, ‘நலங்கேழ் முறுவல் நகைமுகம் காட்டிச் சிலம்பு உள கொண்ம்’ என்பது. புன்னகையும் கொடையும் சேர்ந்த இந்த இடம்தான் ‘பொறுமையின் வடிவம்’ என்ற வழக்கமான முடிவுக்குப் பலரையும் கொண்டு செல்கிறது. மாதவிக்குக் கொடுக்கப் பொருளில்லை என்று அவன் வருந்துவதாகவே அவள் கொண்டாள் எனப் பொருள் கூறுவதும் உண்டு. அப்படியாயின் அந்தப் பொறுமை இன்னும் பெரிதாகத் தோன்றும். ஆனால் அந்தப் புன்னகையை எப்படிப் படிப்பது என்பதைப் பின்னர் கண்ணகியே சொல்லிக்கொடுக்கிறாள். கொலைக்களக் காதையில், கோவலன் இல்லாத காலத்தில் மாமனும் மாமியும் தன்னைப் பாராட்டியபோது தான் காட்டிய முறுவலை ‘வாயல் முறுவல்’ என்று பெயரிடுகிறாள். வாய்மை அல்லாத முறுவல் என்பது அதன் பொருள். ‘யான் அகத்து ஒளித்த நோயும் துன்பமும்’ அந்த முறுவலில் வெளிப்பட்டு அவர்களை வருத்தியதாம். தன் முகத்தைத் தானே பொய்ச்சான்று என்று அறிவித்துவிட்ட ஒருத்தியின் புன்னகையை வைத்து அவள் உள்ளம் அமைதியாய் இருந்தது என்று நாம் எழுத முடியாது. சிலம்பைக் கொடுத்த செயலை மறுக்க முடியாது. அதனடியில் இருந்த மனநிலையைப் புன்னகை நமக்குச் சொல்வதில்லை என்பதே என் வாதம்.

இந்த ஆய்வின் அச்சாணி அதே காதையில் உள்ள ஒரு வினையில் இருக்கிறது. கோவலன் தன் பிழைகளை எண்ணி வருந்தி, இறுதியில் அவளை நோக்கி ‘எழுகென எழுந்தாய் என்செய்தனை’ என்கிறான். எழு என்றேன், எழுந்துவிட்டாய், என்ன காரியம் செய்தாய் என்பது அவன் கூற்று. அவன் குரலில் இரக்கம் இருக்கிறது. ஆனாலும் அவன் வரைவது ஏவலுக்கு உடனே பணிந்த ஒருத்தியின் சித்திரம். அவள் மறுமொழி மூன்று படிகளில் செல்கிறது. முதலில், அறவோர்க்கு அளித்தலும் அந்தணர் ஓம்பலும் துறவோர்க்கு எதிர்தலும் விருந்து எதிர்கோடலும் ‘இழந்த என்னை’ என்று தனக்கு நேர்ந்த இழப்பைக் கணக்கிடுகிறாள். மாதவியின் பெயர் அதில் இல்லை. இல்லறத்தாள் என்ற நிலையில் தான் செய்ய வேண்டிய கடமைகள்தாம் உள்ளன. பிறகு, ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்கிறாள். பன்மை விகுதியின் மரியாதை குறையாமல், சான்றோர் போற்றாத ஒழுக்கத்தைச் செய்தீர் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லப்படும் குற்றச்சாட்டு அது. கடைசியாக, ‘மாற்றா உள்ள வாழ்க்கையேன் ஆதலின் ஏற்று எழுந்தனன் யான்’ என்று முடிக்கிறாள். கோவலன் சொன்ன அதே ‘எழு’ என்ற வினையை எடுத்து, அதன்முன் ‘ஏற்று’ என்ற எச்சத்தையும், பின் ‘யான்’ என்ற எழுவாயையும் வைக்கிறாள். நீர் எழு என்றதால் நான் எழவில்லை. மாறாத உள்ளத்தோடு வாழ்பவள் ஆதலால், ஏற்றுக்கொண்டு நான் எழுந்தேன். தேவந்தியிடம் எழாமல் இருந்தவளும் இங்கே எழுந்தவளும் ஒரே அளவுகோலால்தான் இரண்டையும் செய்கிறார்கள்.

இதற்கு மாறான சான்று ஒன்றையும் மறைக்கக் கூடாது. புகாரைவிட்டுப் புறப்பட்டுச் சிறிது தூரம் நடந்ததுமே அவள் ‘மதுரை மூதூர் யாது’ என்று கேட்கிறாள். இன்னும் ஆறைங் காதம் இருக்கிறது. உலகம் அறியாத, நடந்து பழகாத இளம்பெண்ணின் கேள்வி இது. திருமணத்தின்போது அவள் ‘ஈராறு ஆண்டு அகவையாள்’ என்பதையும் நினைக்க வேண்டும். இந்தக் கேள்வியை என் கருத்துக்கு ஏற்ப வளைக்க விரும்பவில்லை. அவளுக்கு வழி தெரியாது, தொலைவு தெரியாது. தன் தகுதி தெரியும். இவை இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதில் முரண் ஏதும் இல்லை.

கொலைச் செய்தி கேட்டதும் அவள் விழுகிறாள், அழுகிறாள், அரற்றுகிறாள். எனினும் அந்த அழுகையின் உச்சியில் அவள் செய்வது ஒரு விசாரணை. ‘படுபொருள் நீ அறிதி’ என்று கதிரவனை அறிந்த சாட்சியாக நிறுத்தி, ‘காய்கதிர்ச் செல்வனே கள்வனோ என் கணவன்’ என்று கேட்கிறாள். அவன் குற்றமற்றவன் என்று அறிவிக்காமல், வினாவாகக் கேட்கிறாள். ‘கள்வனோ அல்லன்’ என்ற விடை வந்தபிறகே அவள் நகர்கிறாள். இதற்கு எதிரே பாண்டியனின் சொல்லை வைத்துப் பார்க்க வேண்டும். சிலம்பு கள்வன் கையில் இருந்தால் ‘கொன்று அச்சிலம்பு கொணர்க’ என்பது அவன் ஆணை. விசாரிக்க வேண்டிய அரசன் கேளாமல் ஏவினான். அழ வேண்டிய பெண் கேட்டறிந்தபின் சென்றாள். ஆகவே வழக்குரை காதையில் அவள் சொல்லும் ‘தேரா மன்னா’ என்பது வெறும் சினச்சொல் அன்று. ஆராயாத மன்னனே என்பது குற்றத்தின் பெயர். தான் கடைப்பிடித்த நெறியைக் கொண்டே அவனை அவள் அளக்கிறாள்.

அவையில் அவள் பேசும் வரிசை சினத்தின் வரிசையாக இல்லை. ‘நீர்வார் கண்ணை’ என்று மன்னன் அவள் கண்ணீரைப் பார்த்து விளிக்கிறான், யார் நீ என்கிறான். அவள் கண்ணீரைப் பற்றிப் பேசவே இல்லை. புறாவின் துயர் தீர்த்தவனும், பசுவின் கண்ணீர்க்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார் என் ஊர் என்று தொடங்குகிறாள். ஊரின் பெயரைச் சொல்வதுபோல, முறை தவறாத அரசர் இருவரை அவையின் நடுவே முன்னோடித் தீர்ப்புகளாக நிறுத்திவிடுகிறாள். அடுத்து மாசாத்து வாணிகன் மகன், பிழைக்க வந்தவன், கொலைப்பட்டவன் என்று நீளும் அந்த ஒற்றைத் தொடருக்குள் ‘என் காற் சிலம்பு பகர்தல் வேண்டி’ என்ற பகுதி கேட்கப்படாமலேயே வந்து அமர்கிறது. ‘கண்ணகி என்பதென் பெயரே’ என்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது. கள்வனைக் கொல்வது கடுங்கோல் அன்று என்று மன்னன் பொதுநீதி பேசும்போது, அவள் பொதுநீதியை மறுக்காமல், ‘என் காற் பொற்சிலம்பு மணியுடை அரியே’ என்று சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு செய்தியைச் சொல்கிறாள். தன் சிலம்பின் பரல் முத்து என்று மன்னன் தன் வாயால் சொன்னபின் அவள் சிலம்பை உடைக்கிறாள். மேடை நாடகங்களில் இதை ஆவேசமாக நடித்துக் காட்டுவார்கள். பனுவலில் அது சான்றை முன்வைக்கும் செயல், அதுவும் எதிர்த்தரப்பின் கூற்று பதிவான பிறகு.

மதுரையை எரித்த செயலில்தான் என் வாசிப்பு இடறுகிறது. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி என்னும் இவரைக் கைவிட்டுத் ‘தீத்திறத்தார் பக்கமே சேர்க’ என்று தீக்கடவுளை ஏவுவதில், அந்த நேரத்திலும் தகுவதையும் தகாததையும் பிரிக்கும் பழக்கம் அவளை விட்டு நீங்கவில்லை என்பது தெரிகிறது. ஆயினும் கோவலனுக்குத் தனித்தனி விசாரணை வேண்டும் என்று வாதாடியவள், ஓர் ஊரை வகை வகையாகத் தீர்க்கிறாள். தீத்திறத்தார் யார் என்று தேர்ந்தவர் எவரும் இல்லை. இதைப் பத்தினியின் ஆற்றல் என்று சொல்லி நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அவள் அளவுகோல் அவளைவிடப் பெரிதாகி, அவள் கையை மீறிய இடம் இது என்றே படிக்கிறேன். ‘கீழ்த்திசை வாயில் கணவனொடு புகுந்தேன், மேற்றிசை வாயில் வறியேன் பெயர்கு’ என்று அவள் வெளியேறும் சொல்லில் வென்றவளின் தொனி இல்லை என்பதும் இதற்குத் துணை நிற்கிறது.

வஞ்சிக் காண்டத்தின் வாழ்த்துக் காதையில், தெய்வமாக வெளிப்படும் அவள் இன்னொரு தீர்ப்பையும் சொல்கிறாள். ‘தென்னவன் தீதிலன்’ என்பது அது. தன் பிழையை உணர்ந்த கணத்தில் ‘யானே கள்வன்’ என்று சொல்லி உயிர்விட்டவனைப் பற்றி, ‘தேரா மன்னா’ என்று அவன் முகத்தில் எறிந்தவளே இதைச் சொல்கிறாள். அவையில் அவள் தன்னை மாசாத்துவான் மகனுக்கு மனைவி என்று அறிமுகம் செய்துகொண்டாள். இங்கே அந்தப் பாண்டியனைச் சுட்டி, ‘நான் அவன்தன் மகள்’ என்கிறாள்.