ஆள் எங்கேன்னு சொல்லு, அப்புறம்தான் விசில்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. வடசென்னையில் மூலக்கொத்தளம் பக்கம் இருக்கும் அந்த மாநகராட்சித் திடலின் நடுவில் பந்து தயாராக இருக்கிறது. பூக்கடை அணியில் ஏழு பேர். யானைகவுனி அணியில் ஆறுதான்.

"ஏழாவது ஆள் எங்கடா?"

"வரலண்ணா."

"வரலன்னு எனக்கும் தெரியுது. எங்க இருக்கான்?"

யாரிடமும் பதில் இல்லை. நடுவர், கழுத்தில் விசில் தொங்க அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எட்டரைக்கு கிரிக்கெட் ஆடுபவர்கள் வந்து திடலைப் பிடித்துக்கொள்வார்கள், அதற்குள் நான்கு ஆட்டங்கள் முடிய வேண்டும். ஆனாலும் 'அவன விட்டுட்டு ஆடலாம்' என்று ஒருத்தரும் சொல்லவில்லை. யானைகவுனி கேப்டனும் இன்னொரு பையனும் கேட்டைத் தாண்டி ஓடினார்கள். எதிரணியான பூக்கடையின் கோல்கீப்பரும் அவர்கள் பின்னால் ஓடினான். "அவன் நைட்டு எங்க ஏரியாலதான் படுப்பான், எனக்குத் தெரியும்."

அரை மணி நேரம் போனது. மூன்று பேரும் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்கள். பையன் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம். அக்காவுக்கு ராத்திரி வலி வந்து, கூடப் போக வேறு ஆள் இல்லை. "ஆம்பளப் புள்ளண்ணா!" என்றான் கேப்டன், தனக்கே பிறந்தது மாதிரி.

நடுவர் ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். பூக்கடையிலிருந்து ஒரு பையன் தானாக வெளியே வந்து உட்கார்ந்தான், ஆறுக்கு ஆறு. விசில் ஊதப்பட்டது.

நடைபாதைப் பிள்ளைகள் ஆடும் இந்தக் கால்பந்து லீக்கில் கோலை விட முக்கியமான விதி இதுதான். அணியில் யாராவது வரவில்லை என்றால், அவன் எங்கே இருக்கிறான் என்று அணிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஆட்டம் தொடங்காது. தேடியும் கிடைக்கவில்லை என்றால் ஒரு புள்ளி குறையும், அப்புறம் ஆடலாம். ஆடி முடித்ததும் நடுவரும் தேடப் போவார்.

அவர் நாற்பதைத் தாண்டியவர். சவுகார்பேட்டை மொத்தக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் குட்டியானை ஓட்டுகிறார். இளவயதில் சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் கிளப் ஒன்றுக்கு ஆடியிருக்கிறார், முழங்காலோடு அது முடிந்தது. பெயரைப் போட வேண்டாம் என்றார். "பேர் போட்டா, வசூலுக்கு ரெடியாயிட்டான்னு மார்க்கெட்ல பேசுவாங்க. பசங்க கூப்பிடற மாதிரி வேன் அண்ணன்னே போடுங்க." குழந்தைகளின் பெயர்களும் இந்தக் கட்டுரையில் இல்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காட்டக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம்.

வடசென்னைக்குப் பந்தாட்டம் புதிதில்லை. வியாசர்பாடியில் தெருவுக்குத் தெரு பையன்கள் ஆடுவார்கள், அங்கிருந்து பெரிய கிளப்களுக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் வியாசர்பாடிப் பையனுக்கு வீடு என்று ஒன்று இருக்கிறது, சின்னதானாலும். வேன் அண்ணனின் பிள்ளைகளுக்கு நடைபாதைதான் முகவரி. வால்டாக்ஸ் ரோடு, யானைகவுனி, பூக்கடை, மின்ட், ராயபுரம். பாட்டி காலத்திலிருந்து அதே நடைபாதையில் சமைத்து, அங்கேயே கல்யாணமும் முடித்த குடும்பங்கள் உண்டு. சென்ட்ரலில் ரயில் விட்டு இறங்கி, யாரும் இல்லாமல் இருப்பவர்களும் உண்டு. இந்த இரண்டாவது வகைப் பிள்ளைகளால்தான் அந்த விதி வந்தது.

லீக் ஆரம்பித்த புதிதில் சென்ட்ரல் அணியில் ஒரு பையன் இருந்தான். இடது காலால் அடிப்பான், நன்றாகவே ஆடுவான். ஒரு வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அவன் இடத்தில் வேறு பையன் ஆடினான், லீக் போய்க்கொண்டே இருந்தது. மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தான். தூங்கிக்கொண்டே ரயிலில் போய் ஆந்திராவில் இறங்கியிருக்கிறான், அங்கே ஒரு இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

"வந்தவன் சண்டை போடல. 'நீங்க யாருமே தேடலயாண்ணா?'ன்னு மட்டும் கேட்டான்" என்கிறார் வேன் அண்ணன். "நான் என்னா சொல்றது? கோல் கணக்கு என்கிட்ட கரெக்டா இருந்துச்சு. ஆள் கணக்கு இல்ல."

அன்றிலிருந்துதான் அந்த நோட்டு. புரட்டிப் பார்த்தால் பந்தாட்ட நோட்டு மாதிரியே தெரியாது. 'ராயபுரம் 4: பெரியம்மா வீடு, திருவள்ளூர், புதன் வருவான்.' 'மின்ட் 2: காய்ச்சல். மாத்திரை கொடுத்தாச்சு.' 'பூக்கடை 6: சனி ராத்திரி லோடு இறக்கினான், தூங்கட்டும்.' சில பக்கங்களில் சிவப்பு மையில் 1098 என்று இருக்கிறது. குழந்தைகள் உதவி எண். எத்தனை முறை கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

அடுத்த ஆட்டம் மின்ட்டுக்கும் ராயபுரத்துக்கும். பாதிக்குப் பத்து நிமிடம், இரண்டு பாதி. ராயபுரத்தில் மூன்று பேர் பூட்ஸோடு வந்திருந்தார்கள், மின்ட்டில் ஒருவரும் இல்லை. கழற்றச் சொல்லிவிட்டார். போட்டால் இரண்டு அணியும் போட வேண்டும், இல்லை என்றால் எல்லோருக்கும் வெறுங்கால். (1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடித்தான் பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றார்கள். கிடைத்த இரண்டு பெனால்டியையும் விட்டார்கள். அதற்கும் காலணிக்கும் சம்பந்தமில்லை.) பெரியமேட்டுக் கடைகளில் தள்ளுபடிக்கு வாங்கிய பழைய பூட்ஸ்கள் வேனில் ஒரு சாக்கில் கிடக்கின்றன. ஜெர்சியும் அதே வேனில்தான், யாரும் எடுத்துப் போக முடியாது. காரணம் கேட்டேன். மின்ட் அணிப் பையன் ஒருவன் முந்திக்கொண்டான்: "புதுசா போட்டுகினு போனா எங்க சுட்டேன்னு கேப்பாங்க சார்."

ஆட்டம் 2-2. இரண்டாவது கோல் ஆஃப்சைடா என்று ஒரு சண்டை. இந்த லீக்கில் ஆஃப்சைடே கிடையாது, இருந்தாலும் சண்டை நடந்தது.

மைதானத்துக்குப் பிள்ளைகள் ஐந்தரைக்கே வந்துவிடுகிறார்கள். பந்து மேல் அவ்வளவு ஆசையா என்று நினைத்தேன். திடலின் காவலாளி ஐந்தரைக்குக் கழிப்பறையைத் திறக்கிறார், குழாயில் தண்ணீர் வருகிறது, காசு கிடையாது. நடைபாதையில் வளரும் பெண் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எழுதி விளக்கத் தேவையில்லை. "மொதல்ல குளிக்கத்தான் சார் வந்தேன்" என்றாள் பதினான்கு வயதுப் பெண். "அப்புறம் சும்மா நிக்கறதுக்கு ஆடலாம்னு."

அவள் இப்போது யானைகவுனி அணியின் தடுப்பாட்டக்காரி. ஆனால் யானைகவுனியில் இல்லை. குடும்பத்துக்கு, நகரின் தெற்குப் புறநகரான பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நடைபாதைக்குப் பதில் கதவு போட்ட வீடு, அதைக் குறை சொல்ல முடியாது. அவள் அம்மா சொல்கிறார்: "வூடு நல்லாத்தான் இருக்கு தம்பி. வேலை இங்க இருக்கே. மார்க்கெட்ட தூக்கிகினு போக முடியுமா?" அம்மா தினமும் பூக்கட்ட வருகிறார். மகள் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அவரோடு வருகிறாள்.

இதில் ஒரு வேடிக்கை. 2021 மே மாதத்திலிருந்து சென்னையில் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் பெரும்பாக்கத்துக்கு மாறிப் போன பெண் பிள்ளைகள் எல்லோரும் லீக்கில் தொடர்கிறார்கள். பையன்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். யானைகவுனி இன்று பெண்களின் பலத்தில் ஓடும் அணி. பட்டியலில் இரண்டாவது இடம்.

தெருக் குழந்தைகளுக்கென்றே உலகக் கோப்பை நடக்கிறது. 2010-இல் டர்பனில் நடந்த முதல் போட்டியை வென்றது இந்திய அணி. 2019-இல் லண்டனில் நடந்த தெருக் குழந்தைகள் கிரிக்கெட் போட்டியில் சென்னைப் பிள்ளைகளும் ஆடி, லார்ட்ஸ் மைதானத்தில் கோப்பையைத் தூக்கினார்கள். இதையெல்லாம் வேன் அண்ணனிடம் சொன்னால் முகத்தில் பெரிய வெளிச்சம் எதுவும் இல்லை.

"நல்ல விஷயம்தான். போகணும்னா பாஸ்போர்ட் வேணும். பாஸ்போர்ட்டுக்குப் பொறந்த தேதிக்கு அத்தாட்சி வேணும், பொறப்புச் சர்டிபிகேட் மாதிரி. இங்க எத்தனை பேர்கிட்ட இருக்கு? அத வாங்கறதே எனக்கு வேர்ல்டு கப்புதான்."

பிறந்து ஓராண்டுக்குள் பதியாமல் விட்டால், பிறகு மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். எந்த ஆஸ்பத்திரி, எந்த வருடம் என்பதே அம்மாவுக்கு உறுதியாகத் தெரியாதபோது அது லேசில் முடிகிற காரியமில்லை. பள்ளியில் சேர்ப்பது அதை விட எளிது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வேன் டாஷ்போர்டில் வைத்திருக்கிறார். தலைமை ஆசிரியர்களிடம் வாதாட மாட்டாராம். காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு நிற்பாராம்.

செலவைப் பற்றிக் கேட்டதற்கு விரல் விட்டு எண்ணினார். முட்டையும் வாழைப்பழமும் வாரம் ஆயிரத்துக்குப் பக்கம். அதில் பாதியை மார்க்கெட் முட்டைக் கடைக்காரர் வாங்குவதில்லை. பந்து ஒன்று எழுநூறு ரூபாய், இந்தக் கல் தரையில் இரண்டு மாதம் தாங்கினால் அதிகம். "ஜெர்சி குடுக்க ஆள் வராங்க, அதுல அவங்க பேர் அடிக்கலாம். பந்துல பேர் அடிச்சா உதை வாங்கும்ல, அதனால பந்து யாரும் தரமாட்டாங்க." சிரிக்காமல்தான் சொன்னார்.

இங்கிருந்து பெரிய ஆட்டக்காரர் யாரும் இதுவரை உருவாகவில்லை. ஒருவன் துறைமுகத்தில் லாரி கிளீனர், ஒருத்தி நர்சிங் உதவியாளர் படிப்பு. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை மோந்துகொண்டிருந்த ஒரு பையன் லைன்ஸ்மேனாகக் கொடி பிடிக்கிறான். விட்டுவிட்டானா என்றதற்கு, "ஞாயித்துக்கெழமை காலையில இல்ல" என்றார் வேன் அண்ணன். அந்த பதிலை நான் நம்பினேன். முழுசாகத் திருந்திவிட்டான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

எட்டரைக்கு ஸ்டம்புகளோடு கிரிக்கெட் கூட்டம் வந்தது. மதிலோரம் எல்லா அணிக் கேப்டன்களும் முட்டை உரித்துக்கொண்டே கூடினார்கள். பெரும்பாக்கம் போனவர்களைத் தனி அணியாக்கி, மாதம் ஒரு ஆட்டத்தை அங்கேயே வைக்கலாமா என்பதுதான் பேச்சு. நின்றுபோன பையன்களை அப்படித்தான் திரும்பப் பிடிக்க முடியும் என்கிறார் வேன் அண்ணன். யானைகவுனிப் பெண்ணுக்கு இதில் இஷ்டமில்லை. "நான் யானைகவுனிதான். அங்க தூங்கறேன், அவ்ளோதான்." ராயபுரம் கேப்டனுக்கு வேறு கவலை. "நாங்க அங்க வந்து ஆடணும்னா பஸ் காசு யாருண்ணா தருவா? எங்க டீம்ல ஆறு பேர் ஆம்பளப் பசங்க."

வேனில் பதினைந்து பேரை ஏற்றினால் போலீஸ் பிடிக்கும். டீசலும் சும்மா வராது. வேன் அண்ணன் நோட்டில் 'பஸ் காசு' என்று எழுதி அடிக்கோடு போட்டார். ஓட்டெடுப்பு அடுத்த ஞாயிறு, முதல் ஆட்டத்துக்கு முன்னால்.