முதல் சம்பளம், முதல் வருமான வரிக் கணக்கு

ஸ்லைடு 1
2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நீங்கள் பெற்ற சம்பளத்திற்கான கணக்கை 2026 ஜூலை 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். "எனக்குத்தான் வரியே வராதே, நான் எதற்குத் தாக்கல் செய்ய வேண்டும்?" என்று கேட்பவர்களுக்காகவே இந்தத் தொடர். வரி வராமல் இருப்பதும் கணக்குக் காட்டத் தேவையில்லாமல் இருப்பதும் ஒன்றல்ல.

ஸ்லைடு 2: யார் தாக்கல் செய்ய வேண்டும்?
கழிவுகளுக்கு முந்தைய மொத்த வருமானம், புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தாக்கல் கட்டாயம். 2025 ஜூனில் 62,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மார்ச் வரையிலான பத்து மாதங்களில் 6,20,000 ரூபாய் பெற்ற அவர் செலுத்த வேண்டிய வரி பூஜ்யம்தான்; ஆனாலும் அவர் தாக்கல் செய்தே ஆக வேண்டும். அந்தப் பூஜ்யம் எப்படி வருகிறது என்பதை ஸ்லைடு 6-இல் பார்ப்போம்.

ஸ்லைடு 3: கையில் இருக்க வேண்டியவை
பான், அதனுடன் இணைக்கப்பட்ட ஆதார், ஆதாரில் பதிவான கைப்பேசி எண், வங்கிக் கணக்கு விவரம், சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் வழங்கும் சான்றான படிவம் 16. ஆண்டின் நடுவில் வேலை மாறியிருந்தால் இரண்டு நிறுவனங்களிடமிருந்தும் படிவம் 16 வாங்கிக்கொள்ளுங்கள். முந்தைய சம்பளம் தெரியாத புதிய நிறுவனம், தான் கொடுத்த தொகைக்கு மட்டுமே வரியைக் கணக்கிட்டிருக்கும். இரண்டையும் கூட்டும்போது எதிர்பாராத பாக்கி வரலாம்.

ஸ்லைடு 4: உள்ளே நுழைந்ததும் நிரப்பத் தொடங்காதீர்கள்
incometax.gov.in தளத்தில் உங்கள் பான் எண்ணே பயனர் அடையாளம். முதலில் உங்கள் வருமான விவரங்களைத் தொகுத்துக் காட்டும் AIS, உங்களிடம் பிடித்த வரியைக் காட்டும் 26AS ஆகிய இரண்டு அறிக்கைகளையும் திறந்து படிவம் 16-உடன் ஒப்பிடுங்கள். நீங்கள் மறந்துபோன சேமிப்புக் கணக்கு வட்டி பெரும்பாலும் AIS-இல் இருக்கும். 26AS-இல் பிடித்தத்தின் பிரிவு 192 என்றிருந்தால் அது சம்பளம். 194J என்றிருந்தால், உங்களை ஊழியராக அல்லாமல் கட்டணம் பெறுபவராகக் கருதிப் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். பயிற்சிக் காலத்தில் இது அடிக்கடி நடக்கிறது. அப்படியிருந்தால் அடுத்த ஸ்லைடில் சொல்லும் படிவம் உங்களுக்குப் பொருந்தாது என்பதால், ஆடிட்டர் ஒருவரிடம் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

ஸ்லைடு 5: எந்தப் படிவம்?
e-File > Income Tax Returns > File Income Tax Return வழியாகச் சென்று, வருமானம் பெற்ற ஆண்டுக்கு அடுத்த ஆண்டான மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்பதைத் தேர்ந்தெடுங்கள். சம்பளமும் வட்டியும் மட்டும் உள்ள, 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வருமானத்திற்கு ITR-1 போதும். கிரிப்டோ விற்றிருந்தாலோ, வாங்கிய பங்குகளை ஓராண்டுக்குள் விற்றிருந்தாலோ, லாபம் நூறு ரூபாயாக இருந்தாலும் ITR-1 பொருந்தாது.

ஸ்லைடு 6: புதிய முறையா, பழைய முறையா?
பலரும் தடுமாறும் இடம் இதுதான். புதிய முறையிலிருந்து வெளியேற விரும்புகிறீர்களா என்று தளம் கேட்கும். No என்றால் புதிய முறையிலேயே நீடிக்கிறீர்கள். அவசரத்தில் Yes அழுத்தினால் பழைய முறைக்குப் போய்விடுவீர்கள்.

நம் உதாரணத்திற்கு வருவோம். சம்பளம் 6,20,000 ரூபாயில் நிலையான கழிவு 75,000 ரூபாயை நீக்கி, வங்கி வட்டி 2,380 ரூபாயைச் சேர்த்தால் 5,47,380 ரூபாய். 4 லட்சத்திற்கு மேற்பட்ட 1,47,380 ரூபாய்க்கு 5% வீதம் வரி 7,369 ரூபாய். வரிக்குரிய வருமானம் 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் பிரிவு 87A-இன் கீழ் அந்த வரி முழுவதும் தள்ளுபடியாகிறது. பழைய முறையில் மட்டுமே கிடைக்கும் வீட்டு வாடகைப் படி, 80C முதலீடு போன்ற கழிவுகள் பெரிதாக இருப்பவர்கள் இரண்டு முறைகளிலும் கணக்கிட்டுப் பார்க்கலாம். முதல் ஆண்டு ஊழியர் ஒருவருக்குப் பழைய முறை லாபமாக அமைவது அரிது என்பது என் கருத்து. பழைய முறைதான் வேண்டுமென்றால் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும்.

ஸ்லைடு 7: நிரப்பி, சரிபார்த்து, சமர்ப்பியுங்கள்
பெரும்பாலான கட்டங்களில் விவரங்கள் முன்பே நிரம்பியிருக்கும். அவற்றை நம்பிவிடாமல் படிவம் 16-இன் பகுதி B-உடன் வரிவரியாகப் பொருத்திப் பாருங்கள். பிடித்தம் செய்த வரி திரும்பி வர வேண்டுமானால், உங்கள் வங்கிக் கணக்கு தளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

ஸ்லைடு 8: சமர்ப்பித்தும் வேலை முடியவில்லை
சமர்ப்பித்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் மின்னணுச் சரிபார்ப்பைச் செய்யாவிட்டால், நீங்கள் சரிபார்க்கும் நாளே தாக்கல் செய்த நாளாகக் கருதப்படும். அந்த நாள் ஜூலை 31-ஐத் தாண்டிவிட்டால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் 1,000 ரூபாய். வரியே இல்லாத நம் உதாரண ஊழியரும், ஒரு ஓடிபியை மறந்ததற்காக 5,000 ரூபாய் கட்ட நேரிடும்.