மகளின் கலியாணத்துக்கு அண்ணா குடும்பத்துக்கு ஓர் அழைப்பு

உ

இல. 47/2, ராமகிருஷ்ண வீதி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.
08.03.2026

அன்புள்ள அண்ணா, அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். அபிராமியின் கலியாணத்துக்கு நாள் வைத்தாகிவிட்டது. பராபவ வருடம் ஆவணி மாதம், 30.08.2026 ஞாயிற்றுக்கிழமை, காலை 9.10 முதல் 10.25 வரை முகூர்த்தம். இடம் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம். பொன்னுருக்கு 26ஆம் திகதி புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டில். நாலாம் சடங்கு செப்டெம்பர் 2.

அட்டை பிறகு வரும். லீவுக்கும் விசாவுக்கும் நேரம் வேணும் என்பதால்தான் இப்பவே எழுதுகிறேன்.

பிள்ளைக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கட மகன் ஆதவன்தான் தோழன். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, மோதிரம் வாங்கி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வர வேறு ஆளில்லை. அவன்ர மனேஜர் கேட்டால் இதையே சொல்லட்டும். வேலையிடத்தில் கொடுக்க ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் இதோடு வைத்திருக்கிறேன். கலியாணத் திகதி, மண்டபம், மணமகளுக்கு அவன் என்ன முறை என்பதெல்லாம் எழுதி ஒப்பமிட்டிருக்கிறேன்.

ஓகஸ்ட் 21 வெள்ளி இரவு ரொறன்ரோவில் ஏறி, செப்டெம்பர் 5 சனிக்கிழமை இங்கிருந்து திரும்பினால் பத்து வேலை நாள் லீவு போதும். 7ஆம் திகதி அங்கே தொழிலாளர் தின விடுமுறைதானே, களைப்பு ஆறலாம். மயூரியின்ர வகுப்புத் தொடங்குகிற நாளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கோ.

அண்ணா, உங்களிடம் இரட்டைக் குடியுரிமை இருப்பதால் விசா தேவையில்லை. இலங்கைப் பாஸ்போட்டை மறக்காமல் கொண்டுவாங்கோ. அண்ணியும் பிள்ளைகளும் கனடாப் பாஸ்போட்டில் வருவதால் ஈ.ரி.ஏ. என்ற பயண அனுமதி எடுக்க வேணும். eta.gov.lk என்ற அரசாங்கத் தளத்தில் மட்டும் போடுங்கோ, அதே மாதிரி முகப்போடு காசு பறிக்கிற தளங்கள் இருக்கு. சுற்றுலாப் பிரிவையே தெரிவு செய்யுங்கோ, சொந்தக்காரரைப் பார்க்க வருவதும் அதற்குள் அடங்கும். 30 நாள் கிடைக்கும். வந்திறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போட் செல்லுபடியாக வேணும். அண்ணியின்ர பாஸ்போட் முடிகிற திகதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கோ. பெயரும் இலக்கமும் பாஸ்போட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருக்கட்டும்.

இலங்கையில் தங்கும் முகவரி என்று கேட்கும் இடத்தில் மேலே உள்ள எங்கட முகவரியை எழுதுங்கோ. ஹோட்டல் பேச்சே வேண்டாம், தங்குவதும் சாப்பாடும் எங்கட பொறுப்பு. மேல் மாடி அறை இரண்டையும் ஒதுக்கி வைத்திருக்கிறோம், ஏசியும் போட்டாச்சு. டிக்கெட் எடுத்ததும் விமான இலக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கோ, எத்தனை மணி என்றாலும் கட்டுநாயக்காவுக்கு வான் வரும்.

அந்த நாட்களில் நல்லூர்த் திருவிழாவும் நடக்கும். விருப்பமென்றால் நாலாம் சடங்கு முடிந்த இரவே யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிடலாம். டிக்கெட் எடுக்க முதல் சொல்லுங்கோ, அதற்கேற்ப ஒழுங்கு செய்கிறேன்.

கூறைச்சேலை எடுக்க அண்ணி வந்தபிறகுதான் போவது என்று அபிராமி நிற்கிறாள்.

உங்கள் அன்புத் தம்பி,
சிவநேசன்