இயல் 2: முன்னாய்வுகள் – அருள் யாருக்கு, உரிமை யார் பேரில்?

திருச்சுழி வட்டாரத்து ஏழு அம்மன் கோயில்களில் பெண்களின் சடங்குப் பொறுப்புகளை ஆராய்வது இந்த ஆய்வேடு. அதற்கு அடித்தளமான எழுத்துகளை இவ்வியல் பரிசீலிக்கிறது. பெண்ணின் சடங்கு ஆற்றலைப் பேசும் நூல்கள் ஒரு பக்கம், அர்ச்சகர் பதவியைப் பேசும் நூல்கள் மறுபக்கம் என இந்தத் துறை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் ஒரு கேள்வி எழும்: பெண் செய்யும் சடங்கு யார் பேரில் பதிவாகிறது?

பழைய சான்றிலிருந்து தொடங்கலாம். திருமுருகாற்றுப்படையில் இரண்டு வகைப் பூசை அருகருகே இருக்கிறது. திருவேரகத்தில் இருபிறப்பாளர் ஈர ஆடையுடன் ஆறெழுத்து ஓதுகிறார்கள். பழமுதிர்சோலையில் குறமகள் கிடாயின் குருதி கலந்த வெள்ளரிசியைப் பலியாகத் தூவி முருகனை வரவழைக்கிறாள். புலவர் இதில் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தவில்லை. முருகன் உறையும் இடங்களாகவே இரண்டையும் பாடுகிறார். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் சாலினி தெய்வமுற்று ஆடி, கொற்றவைக்குச் செலுத்த வேண்டிய பலிக்கடன் பாக்கி என்று எயினர்களைக் கண்டிக்கிறாள். அந்த ஊரில் அதைச் சொல்லும் அதிகாரம் அவளிடம் இருந்தது. ‘சங்க காலத்தில் பெண்கள் பூசாரிகளாக இருந்தார்கள்’ என்று மேடையில் சொல்வதற்கு இந்தச் சான்றுகளைப் பயன்படுத்துவதுண்டு. அந்த அவசரம் எனக்கு உடன்பாடில்லை. பெண்ணொருத்தி தெய்வத்தை அழைத்தாள் என்பதற்குத்தான் இவை சான்று. கோயிலொன்றில் அவளுக்கு நிலையான பதவி இருந்ததென்று இவற்றிலிருந்து நிறுவ முடியாது.

பதவிக்குச் சான்று கல்வெட்டில் கிடைக்கிறது. முதலாம் இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருத்தியின் பேரும், அவள் வந்த ஊரும், அவளுக்கு ஒதுக்கிய வீடும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அதைப் பெற்றுப் பணி செய்யலாம். பெண் பேரில் பங்கும் வாரிசும் எழுதப்பட்ட ஆவணம் இது. அதனாலேயே இந்த ஆய்வுக்கு இது முக்கியம்.

ஆனால் லெஸ்லி ஓர் (2000) சோழர் காலக் கல்வெட்டுகளைத் திரட்டிப் பார்த்தபோது தஞ்சை ஒரு விதிவிலக்காகவே தெரிந்தது. கோயிற்பெண்களைப் பற்றிய பதிவுகளில் ஆடல் பாடலைவிடக் கொடைதான் மிகுதி. பொன்னோ நிலமோ கொடுத்து, அதற்கு ஈடாகக் கோயிலில் மரியாதையும் இடமும் பெற்றார்கள். ‘தேவதாசி’ என்ற ஒற்றைப் பிம்பத்தை உடைத்தது இந்த நூலின் பெரும்பங்களிப்பு. எனக்கு அதில் உறைத்தது வேறொன்று: ஆணுக்குப் பணி வழியாக வந்த இடத்தைப் பெண் பணம் கொடுத்துப் பெற வேண்டியிருந்தது.

சாஸ்கியா கெர்சன்பூம் (1987) எதிர்த்திசையிலிருந்து வருகிறார். தெய்வத்தையே கணவனாகக் கொண்டவள் விதவையாவதில்லை. அதனால் நித்திய சுமங்கலி. அதனால் இறைவனுக்குத் திருஷ்டி கழிக்கக் கும்ப ஆரத்தி சுற்றும் தகுதி அவளுக்கு உண்டு. விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் மங்கலத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால், விதவைகள் தலைமையேற்கும் சடங்குகளை எங்கே வைப்பது? அம்ரித் சீனிவாசன் (1985), தாவேஷ் சொனேஜி (2012) இருவரும் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய இழப்பைப் பேசுகிறார்கள். 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடுத்தது. முத்துலட்சுமி ரெட்டியின் போராட்டம் நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் கோயிலுக்குள் பெண் பேரிலிருந்த சடங்கு உரிமையும் அதோடு சேர்ந்தே போனது, அந்த இடத்துக்கு வேறெதுவும் வரவில்லை.

வீட்டுச் சடங்குகளைப் பற்றிய எழுத்து வளமானது. நோன்பும் சுமங்கலித் தன்மையும் பற்றி ஹோலி பேக்கர் ரேனால்ட்ஸ் (1980), சென்னை ஸ்மார்த்தப் பெண்களின் வீட்டு வழிபாடு பற்றி மேரி ஹான்காக் (1999), கோலம் பற்றி விஜயா நாகராஜன் (2018) எழுதியிருக்கிறார்கள். மூவருமே பெண்ணின் செயல்பாட்டைத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் ஔவையார் நோன்பு போன்றதை இந்தச் சட்டகங்களுக்குள் அடக்குவது கடினம். செவ்வாய்க்கிழமை இரவு, ஆண்கள் உறங்கிய பிறகு, தாழிட்ட வீட்டுக்குள் பெண்கள் கூடுவார்கள். உப்பில்லாமல் பச்சரிசி மாவில் கொழுக்கட்டை பிடிப்பார்கள். மூத்தவள் கதை சொல்வாள், மற்றவர்கள் கேட்பார்கள். பிடித்ததை ஆண்பிள்ளை பார்க்கவும் கூடாது, தின்னவும் கூடாது. என் அப்பத்தா அந்தக் கதையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். நான் சிறுமியாக அவர் மடியில் இருந்தேன். என் தம்பி அடுத்த அறையில். விலக்கும் அதிகாரம் பெண்ணிடமே இருந்த இரவு அது. ஆனால் விடிந்தால் அதன் தடமே இருக்காது.

அருள் வந்து பேசும் பெண்களை இசபெல் கிளார்க்-டெசஸ் (2000) தமிழகக் கிராமங்களிலும், கிறிஸ்டின் புளூமர் (2018) மாதா இறங்கும் கத்தோலிக்கப் பெண்களிடமும் ஆராய்ந்தார்கள். சமயம் மாறினாலும் அமைப்பு மாறவில்லை: தெய்வம் பேசும்வரை அவள் சொல்லுக்கு மதிப்பு, அது விலகிப்போன பின் அவள் பழையபடி ஒரு வீட்டுக்காரி. அருள்வாக்கைத் தலைமுறைக்கு எழுதிவைக்க முடியாது, பூசை முறையை எழுதிவைக்கலாம். மதுரை மீனாட்சி கோயில் பட்டர்களைப் பற்றிய கிறிஸ் ஃபுல்லரின் நூல்கள் (1984, 2003) இந்த இடத்தில் மிகவும் உதவுகின்றன. முறையும் பங்கும் அங்கே எப்படி இயங்குகின்றன என்பதை அவர் விவரிக்கிறார். பூசை செய்யும் பட்டருக்குத் திருமணம் ஆகியிருக்க வேண்டும் என்பதும் அவர் குறிப்பிடும் செய்தி. கருவறைக்குள் போகும் தகுதியை அவருக்கு நிறைவாக்குபவள் மனைவி, ஆனால் அந்தப் படியை அவள் தாண்ட முடியாது. ஃபுல்லர் அவளிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று ஒவ்வொரு வாசிப்பிலும் ஏங்குகிறேன்.

சட்டம் சார்ந்த எழுத்தில் என் மனக்குறை பெரிது. பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிய 1971ஆம் ஆண்டுத் திருத்தம், சேஷம்மாள் வழக்கு (1972), 2006ஆம் ஆண்டு அரசாணை, 2015 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என நீளும் விவாதம் முழுக்கச் சாதியையும் ஆகமத்தையும் பற்றியது. அது அவசியமான போராட்டம். ‘அனைத்துச் சாதியினரும்’ என்ற சொல்லில் பெண்ணும் அடக்கம்தானே என்பார்கள். ஆனால் அரை நூற்றாண்டாக அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் மனத்தில் எழுந்தது ஆணுருவம்தான். 2008இல் உசிலம்பட்டிப் பகுதியில் தந்தைக்குப் பின் துர்க்கை அம்மனுக்குப் பூசை செய்த பெண்ணை ஊரார் தடுத்த வழக்கில், பெண் தெய்வத்துக்குப் பெண் பூசை செய்வதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சியை முடித்தார்கள். மேல்மருவத்தூரில் மாதவிலக்கு நாளிலும் பெண்கள் கருவறையில் பூசை செய்கிறார்கள். தீட்டு என்ற காரணம் மாற்ற முடியாததல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நான் படித்தவற்றில் முளைப்பாரி பெரும்பாலும் வளமைச் சடங்காகவே விளக்கப்படுகிறது. களத்தில் நான் பார்த்தது இது: இருட்டறையில் ஓடுகளில் விதை தூவி, நாள்தோறும் நீர் தெளித்து, அதைச் சுற்றிக் கும்மியடித்து வளர்த்தது பெண்கள். தலையில் சுமந்து குலவையிட்டுக் கோயிலுக்குக் கொண்டு வந்ததும் அவர்களே. வாசற்படி வந்ததும் எல்லோரும் நின்றார்கள், பூசாரி உள்ளேயிருந்து திருநீறு கொண்டுவந்தார். கோயிலின் வரி நோட்டில் அந்த வருடத்துக்குப் பூசாரி பேர், மேளக்காரர் பேர், பந்தல்காரர் பேர் இருந்தன. முளைப்பாரிக்கு எதிரே ‘ஊர்ப் பெண்கள்’ என்று எழுதியிருந்தது. அடுத்த இயல் அந்த ஏழு ஊர் நோட்டுகளிலிருந்து தொடங்குகிறது.