வீட்டில் முதியவரையோ நோயாளியையோ பராமரிப்பவர்களின் உறக்கமும் உடல்நலமும்: பங்கேற்பாளர் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும்

வணக்கம். நான் சமூகப்பணித் துறையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. ஆய்வு முறையியல் பாடத்துக்கான ஒப்படைப்பாக இந்தக் கருத்தாய்வை நடத்துகிறேன். இதில் பங்கேற்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முடிவெடுக்கும் முன் இந்தத் தாளை நிதானமாகப் படியுங்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்று உங்களுக்கு நெருக்கமானவர்களிடம் கலந்து பேசிவிட்டு, அடுத்த முறை வரும்போது பதில் சொன்னாலும் போதும்.

எதைப் பற்றிய ஆய்வு

வீட்டில் வயதானவரையோ நீண்டகால நோயாளியையோ கவனித்துக்கொள்பவர்கள் இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கிறது, தங்கள் சொந்த மருத்துவப் பரிசோதனைகளை எவ்வளவு அடிக்கடி தள்ளிப்போடுகிறார்கள் என்பதை அறிய விரும்புகிறேன். நோயாளியின் நிலையைப் பற்றி எல்லோரும் விசாரிப்பார்கள். அவரைப் பார்த்துக்கொள்பவரிடம் ‘நீங்கள் தூங்கினீர்களா?’ என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டியது என்று நினைப்பதாலேயே இத்தலைப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

உங்களை ஏன் அழைக்கிறேன்

நோயாளியுடன் இந்த மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்திருக்கும், 18 வயது நிறைந்த, கடந்த 3 மாதங்களாவது ஒருவரை வீட்டில் பராமரித்துவரும் அனைவருக்கும் இத்தாளைத் தருகிறேன். மொத்தம் 60 பேரிடம் பதில் பெறத் திட்டமிட்டுள்ளேன். நோயாளியின் மருத்துவக் குறிப்புகளை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியது

24 கேள்விகள் கொண்ட வினாத்தாளை நிரப்ப ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகும். பெரும்பாலான கேள்விகளுக்குச் சரியான கட்டத்தில் குறியிட்டால் போதும். கடைசி இரண்டு கேள்விகளுக்கு மட்டும் உங்கள் சொந்தச் சொற்களில் எழுத இடம் விட்டிருக்கிறேன். பதில் சொல்ல விரும்பாத எந்தக் கேள்வியையும் காரணம் கூறாமல் விட்டுவிடலாம். படிக்கவோ எழுதவோ சிரமமாக இருந்தால் நான் வாசித்துக் காட்டி, நீங்கள் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்வேன்.

பங்கேற்பது முழுக்க உங்கள் விருப்பம்

மனிதர்களை ஆய்வுக்கு உட்படுத்துவதற்கு அவர்களுடைய தன்விருப்ப ஒப்புதல் இன்றியமையாதது என்பதே 1947-இல் வகுக்கப்பட்ட நியூரம்பர்க் நெறிமுறையின் முதல் விதி. மருத்துவப் பரிசோதனைகளை முன்னிட்டு எழுதப்பட்ட அந்த விதி, ஒரு மாணவி நடத்தும் சிறிய கருத்தாய்வுக்கும் பொருந்தும் என்பதே என் நிலைப்பாடு. நீங்கள் மறுத்தால் உங்களுக்கோ நீங்கள் அழைத்துவந்தவருக்கோ கிடைக்கும் சிகிச்சையில் எந்த மாற்றமும் வராது.

இப்படி எழுதிவிட்டால் மட்டும் போதாது என்பதையும் அறிவேன். காத்திருப்புக் கூடத்தில் எல்லோர் பார்வையிலும் படும்படி ஒருவர் வினாத்தாளைத் திருப்பிக் கொடுப்பது எளிதல்ல. ஆகையால், பங்கேற்பவர், பங்கேற்காதவர் என்ற வேறுபாடின்றி ஒவ்வொருவருக்கும் ஒரு பழுப்பு உறையும் ஒரு வெள்ளை உறையும் தருகிறேன். வினாத்தாள் நிரப்பப்பட்டிருந்தாலும் வெறுமையாக இருந்தாலும் அதைப் பழுப்பு உறையில் இட்டு, ஒப்புதல் படிவத்தை வெள்ளை உறையில் இட்டு, இரண்டையும் ஒட்டிக் கூடத்தில் உள்ள பெட்டியில் போட்டுவிடுங்கள். யார் பங்கேற்றார், யார் மறுத்தார் என்பது பெட்டியின் அருகே நிற்பவர்களுக்கோ மருத்துவர்களுக்கோ செவிலியர்களுக்கோ தெரியவராது. நான் வாசித்துக் காட்டி நிரப்பும்போது மட்டும் உங்கள் பதில்கள் எனக்குத் தெரிந்திருக்கும். அவற்றையும் பிறரிடம் சொல்ல மாட்டேன்.

உங்கள் பதில்களும் உங்கள் பெயரும்

வினாத்தாளில் உங்கள் பெயரோ முகவரியோ தொலைபேசி எண்ணோ கேட்கப்படவில்லை. அதன் மேல் ஓர் எண் மட்டும் அச்சிடப்பட்டிருக்கும். அதே எண் கிழித்தெடுக்கக்கூடிய சீட்டிலும் இருக்கும். சீட்டைக் கிழித்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கையொப்பமிடும் ஒப்புதல் படிவத்தில் அந்த எண் கிடையாது. ஆகவே, இரண்டு உறைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாலும் எந்தப் பதில் யாருடையது என்று கண்டறிய முடியாது.

உங்கள் சொற்களில் எழுதும்போது, நீங்கள் பராமரிப்பவரின் பெயரையும் அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் தவிர்க்க வேண்டுகிறேன். அவர் இந்த ஆய்வுக்கு ஒப்புதல் அளிக்கவில்லை. அவருடைய அந்தரங்கத்தைக் காப்பது உங்களுக்கும் எனக்கும் பொதுவான பொறுப்பு. தவறுதலாக எழுதப்பட்டிருந்தால், பதில்களைக் கணினியில் ஏற்றும் முன் அவ்விடத்தை மறைத்துவிடுவேன். 5 பேருக்கும் குறைவானவர்கள் உள்ள எந்தப் பிரிவையும் அறிக்கையில் தனியாகக் காட்ட மாட்டேன். சிறிய எண்ணிக்கையில் ஒருவரைத் தெரிந்தவர்கள் எளிதில் ஊகித்துவிடுவார்கள்.

நிரப்பிய தாள்கள் துறை அலுவலகத்தில் பூட்டிய அலமாரியிலும், கணினிக் கோப்பு கடவுச்சொல்லுடனும் பாதுகாக்கப்படும். அவற்றை நானும் என் ஆய்வு நெறியாளரும் மட்டுமே பார்ப்போம். ஒப்படைப்புக்கு மதிப்பெண் உறுதியானதிலிருந்து 6 மாதங்களில் எல்லாமே அழிக்கப்படும்.

பின்னர் விலக விரும்பினால்

வினாத்தாளைப் பெட்டியில் போட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் சீட்டில் அச்சிட்டுள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, உங்கள் சீட்டின் எண்ணை மட்டும் சொல்லுங்கள். பெயர் சொல்ல வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். உங்கள் பதில்களை நீக்கிவிடுவேன். 14 நாட்களுக்குப் பின் பதில்கள் அனைத்தும் ஒன்றாகக் கூட்டப்பட்டுவிடும் என்பதால் உங்களுடையதை மட்டும் பிரித்தெடுக்க இயலாது. சீட்டு தொலைந்துவிட்டாலும் உங்கள் பதிலைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. பெயரை வாங்காததன் விளைவு இது. முன்கூட்டியே தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

சங்கடங்களும் பயன்களும்

களைப்பு, கவலை, குடும்பத்தில் வரும் மனவருத்தம் பற்றிய சில கேள்விகள் உங்களை வேதனைப்படுத்தக்கூடும். அப்படியானால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இம்மருத்துவமனையின் சமூகப்பணியாளரைச் சந்திக்கும் நேரமும் அறையும் உங்கள் சீட்டின் பின்புறம் உள்ளன. ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: உயிருக்கு ஆபத்தான மனநிலையைப் பற்றி வினாத்தாளில் எழுதினாலும், எழுதியவர் யார் என்று தெரியாததால் என்னால் உங்களைத் தேடி வர இயலாது. அத்தகைய நிலையில் தாளில் எழுதுவதோடு நிறுத்தாமல், இங்குள்ள மருத்துவரிடமோ செவிலியரிடமோ உடனே நேரில் சொல்லுங்கள்.

இதில் பங்கேற்பதால் உங்களுக்கு நேரடிப் பயன் இல்லை. பணமோ பரிசோ வழங்கப்படாது.

ஒப்புதல் படிவம்

மேலே உள்ள தகவல் தாளை நான் படித்தேன், அல்லது எனக்குப் புரியும்படி படித்துக் காட்டப்பட்டது. கேள்விகள் கேட்க வாய்ப்பு கிடைத்தது, கேட்டவற்றுக்குப் பதிலும் கிடைத்தது.

எனக்கு 18 வயது நிறைந்துவிட்டது. யாருடைய கட்டாயமும் இன்றி என் சொந்த விருப்பத்தின்படி பங்கேற்கிறேன். எந்தக் கேள்வியையும் விட்டுவிடலாம் என்பதையும், 14 நாட்களுக்குள் சீட்டின் எண்ணைச் சொல்லி விலகலாம் என்பதையும், அதன் பின் விலக இயலாது என்பதையும் அறிவேன்.

என் பதில்கள் பிறருடைய பதில்களோடு சேர்த்து ஆராயப்பட்டு, மாணவியின் ஒப்படைப்பில் மட்டும் பயன்படுத்தப்படுவதற்கு ஒப்புக்கொள்கிறேன்.

நான் எழுதிய வாக்கியங்களைப் பெயரின்றி மேற்கோளாக எடுத்தாள ஒப்புக்கொள்கிறேன் / ஒப்புக்கொள்ளவில்லை. (பொருந்தாததை அடித்துவிடவும். மேற்கோளுக்கு மறுத்தாலும் ஆய்வில் பங்கேற்கலாம். மறுப்பவர் வினாத்தாளின் கடைசிப் பக்கத்தில் உள்ள ‘மேற்கோள் வேண்டாம்’ என்ற கட்டத்திலும் குறியிட வேண்டும். படிவத்தை வினாத்தாளோடு இணைத்துப் பார்க்க வழியில்லை என்பதே காரணம்.)

பங்கேற்பாளர் இப்பத்தியின் கீழ் கையொப்பமும் தேதியும் இட வேண்டும். கையொப்பமிட இயலாதவர் பெருவிரல் ரேகை வைக்கலாம். அப்போது, ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர், தாள் முழுமையாக வாசித்துக் காட்டப்பட்டதற்குச் சாட்சியாக அருகில் கையொப்பமிட வேண்டும். படிவத்தை மட்டும் வெள்ளை உறையில் இடுங்கள். தகவல் தாள் உங்களிடமே இருக்கட்டும்.